தன் தவறைத் தானே கண்டுபிடிக்கும் ஏற்பாடு: ஒரு கணக்காளர் இரண்டு திறன்களைக் கற்ற நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்கு உரியவர் ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருபவர். விரிதாளில் அவருக்கு நல்ல தேர்ச்சி உண்டு. ஆனால் மாத இறுதியில் வேண்டிய அறிக்கைகள் நிறுவனத்தின் தரவுத்தளத்தில் இருந்ததால், ஒவ்வொரு முறையும் கணினிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டுவிட்டு நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பைத் தவிர்ப்பதற்காக, தரவுத்தளத்திடம் நேரடியாக விவரம் கேட்கப் பயன்படும் மொழியான எஸ்.கியூ.எல். கற்றுக்கொள்ள முடிவெடுத்து, இணையவழிக் காணொளி வகுப்பு ஒன்றை முழுவதுமாகப் பார்த்தார். சில மாதங்கள் கழித்து அதையே இரண்டாம் முறையும் பார்த்தார். இரண்டு முறையும் வகுப்பில் சொல்லப்பட்ட எதுவும் அவருக்குப் புரியாமல் போகவில்லை. இருந்தும், வெற்றுத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு தனக்கு வேண்டிய ஓர் அறிக்கைக்கான குவெரியை, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை, எழுத முயன்றபோது முதல் வரியைத் தாண்ட முடியவில்லை.

அவர் என்னை அணுகியது அந்த நிலையில்தான். "இன்னும் நல்ல வகுப்பாக ஒன்றைச் சொல்லுங்கள்" என்பதே அவர் கேட்டது. நான் வகுப்பு எதையும் பரிந்துரைக்கவில்லை. அவர் ஏற்கெனவே பார்த்த வகுப்பில் குறை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவரிடம் இருந்தது, எழுதிக் காட்டிய ஒன்றைப் பார்த்தால் இன்னதென்று அடையாளம் காணும் அறிவு. வேலைக்கு வேண்டியதோ, எதுவும் எழுதப்படாத இடத்தில் ஒன்றைத் தாமே உருவாக்கும் அறிவு. முதலாவதை எவ்வளவு பெருக்கினாலும் அது தானாக இரண்டாவதாக மாறிவிடுவதில்லை.

இந்த வேறுபாட்டை உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் ஆகிய இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனை தெளிவாகக் காட்டுகிறது. மாணவர்கள் ஓர் உரைநடைப் பகுதியைப் படித்தபின், ஒரு பிரிவினர் அதையே மீண்டும் படித்தனர். மற்றொரு பிரிவினர் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முன்னிலையில் இருந்தனர்: அவர்கள் 81 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர், எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காட்டை. ஒரு வாரம் கழித்து அது தலைகீழானது: மீண்டும் படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. மீண்டும் பார்த்த அன்று மனத்தில் எழும் தெளிவு அடுத்த வாரத்துக்கு உத்தரவாதம் ஆகாது என்பதே நம் நிகழ்வுக்கு இதில் முக்கியம். காணொளியை இரண்டாம் முறை பார்த்தபோது நம் கணக்காளர் உணர்ந்தது அந்த முதல் ஐந்து நிமிடத்துத் தெளிவை.

பாடத்துக்கு முன் நடுவர்

ஒரு திறனைக் கற்கத் தொடங்கும்போது பெரும்பாலோர் முதலில் பாடத்திட்டத்தைத் தேடுகிறார்கள். என் அனுபவத்தில், அதற்கு முன்பே தேட வேண்டியது வேறொன்று: நான் செய்தது தவறு என்பதை எனக்கு எது சொல்லும்? இதை நடுவர் என்று இங்கே குறிப்பிடுகிறேன். நடுவர் ஓர் ஆளாக இருக்கலாம், ஒரு கருவியாக இருக்கலாம், முன்பே சரிபார்க்கப்பட்ட ஒரு விடையாகவும் இருக்கலாம். நடுவர் இல்லாத பயிற்சியில் தவறும் சரியும் ஒரே சீராக ஊறிப்போகும்.

கணக்காளரிடம் நல்ல நடுவர் கைவசமே இருந்தார். முந்தைய மாதங்களில் அவர் கேட்டு வாங்கிய அறிக்கைகள் அனைத்தும் அவருடைய கணினியில் இருந்தன. அவை கணினிப் பிரிவினர் தயாரித்து, கணக்குப் பிரிவு சரிபார்த்து ஏற்றுக்கொண்டவை. அவற்றிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுத்தோம். முதலாவது, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அந்த மாதம் எழுதிய இன்வாய்ஸ்களின் மொத்தம். இரண்டாவது, ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் வந்த பணம் எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு என்ற பட்டியல். மூன்றாவது, ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பின் எதுவுமே வாங்காத வாடிக்கையாளர்களின் பட்டியல். இந்த மூன்றையும் குறிப்பு எதையும் பார்க்காமல் வெற்றுத் திரையிலிருந்து எழுதி, பழைய அறிக்கையோடு ஒத்துப்போகச் செய்வதே இலக்கு என்று வரையறுத்தோம். "எஸ்.கியூ.எல். தெரிந்திருக்க வேண்டும்" என்ற இலக்கை எட்டினோமா இல்லையா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. இந்த இலக்கை எட்டியதையும் எட்டாததையும் அவரே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இலக்கு இப்படிக் குறுகியதும் பாடத்திட்டமும் தானாகவே சுருங்கியது. மூன்று அறிக்கைகளுக்கும் சேர்த்துத் தேவைப்பட்டவை வேண்டிய விவரத்தை எடுக்கும் `SELECT`, வடிகட்டும் `WHERE`, கூட்டும் `SUM`, தொகுக்கும் `GROUP BY`, அட்டவணைகளை இணைக்கும் `JOIN`-இல் இரண்டு வகை, குவெரிக்குள் எழுதும் குவெரி, மதிப்பே இல்லாததைக் குறிக்கும் `NULL` பற்றிய புரிதல், தேதி ஒப்பீடு ஆகியவை மட்டுமே. வகுப்பின் பிற்பகுதி முழுவதையும் ஒதுக்கி வைத்தோம். அவை பயனற்றவை என்று நாங்கள் கருதவில்லை. இந்த மூன்று அறிக்கைகளை வைத்து அவற்றைச் சரிபார்க்க வழியில்லை என்பதே காரணம்.

முதல் முயற்சி, படிப்பதற்கு முன்பே

சுருக்கிய பாடத்தைத் திரும்பப் படிக்கும் முன், மூன்று அறிக்கைகளையும் எப்படித் தயாரிப்பார் என்று தாளில், சாதாரணத் தமிழில் எழுதச் சொன்னேன். கட்டளைச் சொற்கள் எதுவும் வேண்டாம். விரிதாளில் செய்வதாக இருந்தால் என்னென்ன செய்வாரோ அதை எழுதினால் போதும். ஒருவருக்கு எது தெரியவில்லை என்பதைவிட, எது தவறாகத் தெரிந்திருக்கிறது என்பதை இந்தச் சிறு முயற்சி நன்றாகக் காட்டும். கற்றலில் அதிக நேரத்தை விழுங்குவதும் அந்தத் தவறான அறிவுதான்.

இரண்டாவது அறிக்கைக்கு அவர் எழுதியது இது: "இன்வாய்ஸ் பட்டியலை எடுத்துக்கொள்வேன். ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே, பணவரவுப் பட்டியலில் அந்த எண்ணைத் தேடி, தொகையைக் கொண்டுவந்து போடுவேன்." விரிதாள் பழகிய எவரும் இப்படித்தான் எழுதுவார்கள். அதற்கான `VLOOKUP` என்ற வாய்ப்பாடு ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே ஒரு மதிப்பைத்தான் கொண்டுவரும். ஒரே எண் அந்தப் பக்கம் இரண்டு இடங்களில் இருந்தால் முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும். எங்குமே இல்லையென்றால் `#N/A` என்று காட்டும். வரிசை மட்டும் அங்கேயே இருக்கும். அதாவது, தேடும் பட்டியலின் வரிசைகள் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. பல ஆண்டுப் பழக்கத்தில் இந்த நியதி அவருக்குள் ஓர் உண்மையாகவே நிலைத்துவிட்டிருந்தது. ஆனால் தரவுத்தளத்தின் `JOIN` இந்த நியதிக்குக் கட்டுப்பட்டதன்று. காணொளியில் இது ஓரிடத்தில் சொல்லப்பட்டிருந்தும் அவர் மனத்தில் பதியவில்லை. ஏற்கெனவே ஒரு விளக்கம் குடியிருக்கும் இடத்தில் புதிய விளக்கம் சொல்லக் கேட்ட அளவில் உட்காருவதில்லை.

ஓட்டும் முன் எழுதிவைக்கும் கணிப்பு

பயிற்சிக்கு நிறுவனத்தின் தரவை முதலில் பயன்படுத்தவில்லை. பல்லாயிரம் வரிசைகள் உள்ள இடத்தில் விடை சரியா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கையால் கணக்கிடக்கூடிய அளவில், இரண்டு மூன்று வரிசைகள் மட்டுமே கொண்ட சிறு அட்டவணைகளை அவரே உருவாக்கினார். ஒவ்வொரு குவெரியையும் ஓட்டும் முன் விடை என்னவாக வரும் என்று தாளில் எழுதிவிட வேண்டும் என்பது ஒரே விதி. எழுதாமல் மனத்தில் நினைத்துக்கொண்டால், விடை வந்ததும் "நானும் இதைத்தான் நினைத்தேன்" என்று மனம் சமாதானம் செய்துகொள்ளும். தாளில் எழுதியதை அப்படி மாற்ற முடியாது.

முதல் வாரத்தில் அவர் உருவாக்கிய அட்டவணையில் இரண்டு இன்வாய்ஸ்கள் இருந்தன: 101, 102. இரண்டுக்கும் தொகை 10,000. பணவரவு அட்டவணையில் 101-க்கு இரண்டு தவணைகள், 4,000-மும் 6,000-மும். 102-க்குப் பணம் எதுவும் வரவில்லை. இன்வாய்ஸ் தொகைகளைக் கூட்டுவதற்கு அவர் எழுதிய குவெரி:

```sql
SELECT SUM(i.amount)
FROM invoices i
JOIN payments p ON p.invoice_id = i.id;
```

அவருடைய கணிப்பு 20,000. திரையில் வந்ததும் 20,000. சரி என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போகவிருந்தார்.

கூட்டாமல் வரிசைகளை மட்டும் காட்டச் சொன்னால் எத்தனை வரும் என்று கேட்டேன். "இரண்டு" என்றார். ஓட்டிப் பார்த்தபோது இரண்டுதான் வந்தது. எந்த இரண்டு என்று கேட்டேன். "101-உம் 102-உம்" என்று எழுதிவிட்டு ஓட்டினார். வந்தவை 101-உம் 101-உம். 102-க்குப் பணவரவு இல்லாததால் அது விடுபட்டுவிட்டது. 101-க்கு இரண்டு தவணைகள் இருந்ததால் அது இரண்டு முறை வந்துவிட்டது. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்து, மொத்தத் தொகையையும் வரிசைகளின் எண்ணிக்கையையும் சரியாகவே காட்டின.

இந்த நிகழ்வில் வேறெதையும்விட நான் அதிகம் யோசித்தது இந்த இடத்தைத்தான். நடுவர் இருந்தார், அவர் கேட்ட கேள்வி போதிய அளவு நுணுக்கமாக இல்லை. மொத்தம் ஒத்துப்போவது ஒரு சோதனை. வரிசைகளின் எண்ணிக்கை ஒத்துப்போவது அதைவிடக் கடுமையான சோதனை. எந்தெந்த வரிசைகள் வரும் என்று பெயர் சொல்லிக் கணிப்பது அதைவிடவும் கடுமையானது. கணிப்பு எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ அவ்வளவுதான் அது தவறைப் பிடிக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு கணிப்பிலும் அவர் மூன்றையும் எழுதினார்.

தவறுகளின் பதிவேடு

கணிப்பு பொய்த்த ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பேட்டில் மூன்று வரிகள் எழுத வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம்: எதை எதிர்பார்த்தேன், எது நடந்தது, என் எந்த நம்பிக்கை தவறானது. முதல் இரண்டும் எளியவை. மூன்றாவதைத்தான் எல்லோரும் தவிர்க்கப் பார்ப்பார்கள். தொடக்கத்தில் அவரும் அந்த இடத்தில் "கவனக்குறைவு" என்று எழுதினார். கவனக்குறைவு என்பது ஒரு காரணமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. அந்தச் சொல்லை எழுதியதும் தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. திரும்ப யோசித்தபின் அவர் எழுதியது: "இணைக்கும்போது இடப்பக்க அட்டவணையின் வரிசைகள் அப்படியே இருக்கும் என்று நம்பினேன்."

இந்த ஒரு வரியை எழுதியபின் குறிப்பேட்டின் முந்தைய பக்கங்களைப் புரட்டினார். தனித்தனித் தவறுகளாகத் தெரிந்த பலவற்றுக்கும் அதே நம்பிக்கைதான் வேராக இருந்தது. மொத்தம் இரட்டிப்பானது, வாடிக்கையாளர் காணாமல் போனது, சராசரி பொருந்தாதது எல்லாம் ஒரே இடத்திலிருந்து முளைத்தவை. அதன்பின் ஒவ்வொரு அட்டவணையைத் தொடும்போதும் "இதில் ஒரு வரிசை என்பது எதைக் குறிக்கிறது?" என்ற கேள்வியைக் குவெரியின் மேலே எழுதிவிட்டுத்தான் தொடங்கினார். இரண்டாவது அறிக்கைக்கு அவர் இறுதியில் எழுதிய குவெரியில் அந்தக் கேள்வியின் தடம் தெரிகிறது. பணவரவை முதலில் ஓர் இன்வாய்ஸுக்கு ஒரு வரிசை என்று சுருக்கிவிட்டு, அதன் பிறகே, இணை இல்லாத இடப்பக்க வரிசையையும் விடாமல் வைக்கும் `LEFT JOIN` கொண்டு இணைத்தார்:

```sql
SELECT i.id, i.amount,
       COALESCE(p.paid, 0) AS paid
FROM invoices i
LEFT JOIN (
  SELECT invoice_id, SUM(amount) AS paid
  FROM payments
  GROUP BY invoice_id
) p ON p.invoice_id = i.id;
```

மூன்றாவது அறிக்கை வேறொரு வகைத் தவறை வெளிக்கொணர்ந்தது. குறிப்பிட்ட தேதிக்குப் பின் எதுவும் வாங்காதவர்களைக் கண்டறிய அவர் இப்படி எழுதினார்:

```sql
SELECT c.id
FROM customers c
LEFT JOIN invoices i ON i.customer_id = c.id
WHERE i.invoice_date >= '2024-01-01'
  AND i.id IS NULL;
```

இது எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் ஓடி, ஒரு வரிசையும் இல்லாத வெற்று விடையைத் தரும். இன்வாய்ஸே இல்லாத வாடிக்கையாளருக்கு அந்தத் தேதியும் `NULL` ஆகவே இருக்கும் என்பதால் `WHERE`-இன் முதல் நிபந்தனை அவரை நீக்கிவிடுகிறது. இன்வாய்ஸ் உள்ளவரை இரண்டாவது நிபந்தனை நீக்கிவிடுகிறது. தேதி நிபந்தனையை, இணைக்கும் நிபந்தனை உள்ள `ON` பகுதிக்கு மாற்றினால் சரியாகிவிடும். "எல்லா வாடிக்கையாளரும் வாங்கியிருக்கிறார்கள்" என்பது மகிழ்ச்சியான செய்தியாகவும் நம்பத்தக்கதாகவும் இருக்கும் என்பதுதான் இதன் ஆபத்து. அவருடைய சிறு அட்டவணையில் எதுவும் வாங்காத ஒரு வாடிக்கையாளரை வேண்டுமென்றே சேர்த்து வைத்திருந்ததால்தான் இது பிடிபட்டது.

ஒவ்வொரு தொழில்திறனிலும் இரண்டு வகைத் தவறுகள் உண்டு. சில தவறுகள் தம்மைத் தாமே அறிவித்துக்கொள்ளும். அடைப்புக்குறி ஒன்றை மூட மறந்தால் தரவுத்தளமே நிறுத்திக் கேட்கும். சில ஓசையின்றிக் கடந்துபோகும். தொடக்கநிலைப் பாடங்கள் பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியே பேசுகின்றன. அவற்றைக் கற்பதற்குப் பதிவேடு வேண்டியதில்லை, கருவியே கற்பித்துவிடும். குறிப்பேட்டில் இடம்பெற வேண்டியவை இரண்டாம் வகைத் தவறுகள். அவற்றை வரவழைப்பதற்கென்றே பயிற்சித் தரவில் பொறிகளை வைக்க வேண்டும்: பணமே வராத ஓர் இன்வாய்ஸ், இரண்டு தவணையில் வந்த ஒன்று, எதுவும் வாங்காத ஒருவர், தேதி விடுபட்ட ஒரு வரிசை.

இடைவெளியும் கலப்பும்

பயிற்சிக்கு அவர் ஒதுக்கியது நாளொன்றுக்கு அரை மணி நேரம். அதில் பாதி, பழைய கேள்விகளை வெற்றுத் திரையிலிருந்து மீண்டும் எழுதுவதற்கு. ஒரு கேள்வியைச் சரியாக எழுதிய மறுநாள் ஒரு முறை, பின் மூன்று நாள் கழித்து, பின் ஒரு வாரம், பின் மூன்று வாரம் என்று இடைவெளி விரிந்தது. தவறினால் மீண்டும் மறுநாளுக்கே வரும். இந்த எண்களுக்குத் தனிப் புனிதம் எதுவும் இல்லை. சற்று மறந்துபோயிருக்க வேண்டும், முழுவதும் மறந்திருக்கக் கூடாது என்பதே அளவுகோல்.

இதைவிடக் கடினமாக இருந்தது கேள்விகளைக் கலந்து வைத்தது. `LEFT JOIN` படித்த நாளில் அது மட்டுமே தேவைப்படும் ஐந்து கேள்விகளைச் செய்தால் எல்லாம் சரியாக வரும். எதைப் பயன்படுத்த வேண்டும் என்று அங்கே யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை; தலைப்பே சொல்லிவிடுகிறது. வேலையில் வரும் கேள்விக்குத் தலைப்பு கிடையாது. ஆகவே மூன்றாம் வாரத்திலிருந்து எல்லா வகைக் கேள்விகளையும் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி எடுத்தோம். உடனே அவருடைய தேர்ச்சி சரிந்தது. முந்தைய வாரம் எளிதாக எழுதியவற்றில் பாதி தவறின. பின்னோக்கிப் போகிறோம் என்று கவலைப்பட்டு, பழைய முறைக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டார்.

அப்போது அவருக்கு நான் காட்டியது உளவியல் ஆய்வாளர்கள் டக் ரோரர், கெல்லி டெய்லர் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட முடிவை. கல்லூரி மாணவர்கள் நான்கு வகைத் திண்ம வடிவங்களின் கன அளவைக் கணக்கிடப் பழகினார்கள். ஒவ்வொரு வகையையும் தனித்தனியாகப் பழகியவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள். கலந்து பழகியவர்கள் 60 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் தனித்தனியாகப் பழகியவர்கள் 20-க்கு வீழ்ந்தார்கள். கலந்து பழகியவர்கள் 63-இல் நின்றார்கள். பயிற்சி நேரத்து மதிப்பெண் கற்றலை அளக்கும் கருவியாகாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சோதனை அரிது. இருப்பினும் ஒரு எச்சரிக்கை தேவை. ஒரு கட்டளையை முதன்முதலாகச் சந்திக்கும் நாளிலேயே கலக்கத் தொடங்கினால் ஆள் குழம்பிப்போவார். முதலில் சரியாக எழுதப்பட்ட குவெரி ஒன்றை வரிக்கு வரி படித்து, ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று தம் சொற்களில் சொல்ல வேண்டும். பிறகு ஓரிரு வரிகளை மறைத்துவிட்டு நிரப்ப வேண்டும். அதன் பிறகே வெற்றுத் திரை, அதற்கும் பிறகுதான் கலப்பு.

நிறுத்தும் இடத்தையும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தோம்: ஒரு வார இடைவெளிக்குப் பின், குறிப்பு எதுவும் இல்லாமல், மூன்று அறிக்கைகளும் பொறிகள் உள்ள தரவில் சரியாக வர வேண்டும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் அந்த நிலையை எட்டினார். அதன்பின் முதல் மாத அறிக்கையை உண்மைத் தரவில் எழுதி, அனுப்பும் முன் கணினிப் பிரிவில் ஒருவரிடம் காட்டினார். குவெரி சரியாக இருந்தது. ரத்து செய்யப்பட்ட இன்வாய்ஸ்களும் அதே அட்டவணையில் ஒரு குறியீட்டோடு இருக்கின்றன என்பதை மட்டும் கணினிப் பிரிவைச் சேர்ந்த அவர் சுட்டிக்காட்டினார். அது எஸ்.கியூ.எல். அறிவு அன்று, அந்தத் தரவைப் பற்றிய அறிவு. பயிற்சித் தரவை ஒருவர் தாமே உருவாக்கும்போது, தமக்குத் தெரியாத பொறியை அவரால் அதில் வைக்க முடியாது. கடைசிக் கட்டத்தில் அனுபவமுள்ள ஒருவரின் பார்வை தவிர்க்க முடியாதது என்பதற்கு இதுவே காரணம்.

அதே முறை, வேறொரு திறன்

ஒரு முறை திரும்பப் பயன்படுமா என்பதை ஒரே திறனில் கிடைத்த வெற்றி சொல்லாது. சில மாதங்களில் அதற்கான வாய்ப்பு வந்தது. அவர் அறிக்கை எழுதுகிறார் என்று தெரிந்ததும் மற்றப் பிரிவினரும் கேட்கத் தொடங்கினர். அவர்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று பேசித் தெரிந்துகொள்ளும் திறன் இப்போது தேவைப்பட்டது. கேட்டதை அப்படியே செய்து கொடுத்த அறிக்கைகள், "இது இல்லை, நான் கேட்டது வேறு" என்று திரும்பி வந்துகொண்டிருந்தன.

முதல் கேள்வியிலேயே முறை தடுமாறியது. இங்கே நடுவர் யார்? தவறான கேள்வி கேட்டால் எந்தத் திரையும் பிழை காட்டாது. எதிரில் இருப்பவர் கண்ணியமாகத் தலையசைப்பார். தவறு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியவரும். ஓசையில்லாத தவறுகளே நிறைந்த திறன் இது. ஆகவே நடுவரை உருவாக்க வேண்டியிருந்தது. உரையாடல் முடிந்த அன்றே, கேட்டவருக்கு வேண்டியதாகத் தான் புரிந்துகொண்ட அறிக்கையை ஒரே பக்கத்தில் எழுதி, தலைப்புகளோடு மூன்று வரிசைகளைக் கையால் நிரப்பி, அதை அவரிடம் காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். அவர் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் ஒரு பொய்த்த கணிப்பு. அதற்குக் குறிப்பேட்டில் அதே மூன்று வரிகள்.

நிரப்பிய வரிசைகள்தான் வேலை செய்தன. வெறும் தலைப்புகளைக் காட்டியபோது எல்லோரும் "சரி" என்றார்கள். வரிசைகளில் எண்கள் இருந்தபோது விற்பனைப் பிரிவில் ஒருவர் உடனே, "இவர் ஆர்டர் ரத்து செய்தவராயிற்றே, இவர் ஏன் இங்கே?" என்று கேட்டார். குறிப்பான கணிப்புதான் தவறைப் பிடிக்கும் என்று எஸ்.கியூ.எல். பயிற்சியில் கண்டது இங்கேயும் அப்படியே பொருந்தியது.

குறிப்பேடு நிரம்ப நிரம்ப, திரும்பத் திரும்ப வந்தவை இரண்டு. ஒன்று, விடையைத் தன்னுள் வைத்திருக்கும் கேள்விகள்: "மாதவாரியாகத்தானே வேண்டும்?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் ஆமென்றே சொல்வார். மற்றொன்று, அறிக்கையின் வடிவத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு, அதை வைத்து என்ன முடிவெடுக்கப்போகிறார் என்று கேட்காமல் விட்டது. மூன்றாம் வரியில் அவர் எழுதியது: "என்ன வேண்டும் என்பது கேட்பவருக்கே தெளிவாகத் தெரியும் என்று நம்பினேன்." அதன்பின் அவருடைய முதல் கேள்வி மாறியது. "போன முறை இந்த விவரம் கையில் கிடைத்தபோது என்ன செய்தீர்கள்?" என்று நடந்த ஒன்றைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். திருத்தங்கள் மெல்லக் குறைந்தன.

மெல்ல என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன். குவெரியில் ஒரு கணிப்புக்கும் அதன் தீர்ப்புக்கும் இடையே சில நொடிகள். ஓர் அரை மணியில் பல முறை தவற முடியும். உரையாடலில் மாதத்துக்குச் சில வாய்ப்புகளே வருகின்றன, தீர்ப்புக்கு ஒரு நாளோ பல நாட்களோ ஆகின்றன. சக ஊழியர் ஒருவரைக் கேட்பவராக இருத்தி ஒத்திகை பார்த்தது ஓரளவு உதவியது. ஆனால் ஒத்திகைக்கு வந்தவர் தமக்கு என்ன வேண்டும் என்பதை முன்பே தெளிவாக அறிந்திருந்தார், உண்மையில் வந்தவர்கள் அப்படி இல்லை. எஸ்.கியூ.எல்.லுக்கு இரண்டு மாதம் என்றால், இதில் ஓர் ஆண்டு கழிந்தும் அவர் நிறுத்தும் எல்லையை எட்டவில்லை.

முறையின் எல்லை

கற்கக் கற்றுக்கொண்டவர் எதையும் எளிதாகக் கற்றுவிடுவார் என்ற நம்பிக்கையை இந்த நிகழ்வு ஆதரிக்கவில்லை. உளவியலாளர்கள் எட்வர்ட் தார்ண்டைக், ராபர்ட் வுட்வொர்த் ஆகியோர் 1901-லேயே ஒரு பணியில் பெற்ற பயிற்சி மற்றொரு பணிக்கு மிகக் குறைவாகவே கடத்தப்படுகிறது என்று காட்டினார்கள். இரு பணிகளுக்கும் பொதுவான கூறுகள் இருக்கும் அளவுக்குத்தான் அது கடந்து செல்லும் என்பது அவர்களுடைய விளக்கம். எஸ்.கியூ.எல். கற்றதால் நம் கணக்காளரின் பேச்சுத்திறன் வளரவில்லை. கடந்து வந்தவை நடுவரைத் தேடும் பழக்கமும், கணிப்பை எழுதி வைக்கும் பழக்கமும், மூன்று வரிக் குறிப்பேடும். இரண்டு வேலைகளுக்கும் பொதுவாக இருந்தவை அவை மட்டுமே.

நடுவரை உருவாக்கவே முடியாத திறன்களும் உண்டு. உளவியலாளர்கள் டேனியல் கானமன், கேரி கிளைன் இருவரும் 2009-இல் இணைந்து எழுதிய கட்டுரையில், அனுபவத்திலிருந்து நம்பத்தக்க உள்ளுணர்வு வளர இரண்டு நிபந்தனைகளைக் குறிப்பிடுகிறார்கள்: அந்தத் துறையில் நடப்பவை ஓர் ஒழுங்குக்கு உட்பட்டவையாக இருக்க வேண்டும், அந்த ஒழுங்கைக் கற்க, போதிய பயிற்சியும் பின்னூட்டமும் கிடைக்க வேண்டும். நெடுங்காலப் பொருளாதாரக் கணிப்பு போன்ற வேலைகளில் முதல் நிபந்தனையே நிறைவேறுவதில்லை. அங்கே குறிப்பேடு எவ்வளவு நிரம்பினாலும் மூன்றாம் வரியில் எழுதுவது பெரும்பாலும் நாமே கற்பித்துக்கொண்ட காரணமாக இருக்கும்.

இப்போது அவரிடம் பிரிவின் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பு வந்திருக்கிறது. குறிப்பேட்டின் புதிய பக்கத்தில் நடுவர் என்ற தலைப்பின் கீழ் அவர் முதலில் எழுதியது, ஆண்டு முடிவில் வரும் உண்மைச் செலவு. ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே கிடைக்கும் தீர்ப்பை வைத்துப் பழக முடியாது என்று அதை அடித்துவிட்டு, கடந்த ஆண்டுகளின் திட்டங்களைச் செலவுப் பகுதியை மறைத்து வைத்துத் தாமே மீண்டும் தயாரித்து, பிறகு திறந்து ஒப்பிடுவது என்று மாற்றியிருக்கிறார். திட்டம் எழுதப்பட்ட நாளில் தெரிந்திராத செய்திகள் இப்போது அவருக்குத் தெரியும் என்பதால் அந்த ஒப்பீடு எந்த அளவுக்கு நேர்மையாக இருக்கும் என்பதைத்தான் நாங்கள் இருவரும் தற்போது விவாதித்து வருகிறோம். அவர் அப்பிரிவில் சேர்வதற்கு முந்தைய ஆண்டுகளின் திட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்வது என்பது இப்போதைய முடிவு.